ஹாஸ்டல், பி.ஜி. விண்ணப்பம்: கார்டியன் விவரமும் மருத்துவ விவரமும் சரியாக நிரப்ப ஒரு முழு வழிகாட்டி

ஹாஸ்டல் விண்ணப்பத்தை இரண்டு சமயங்களில் படிப்பார்கள். முதல் முறை, சேர்க்கை நாளன்று அலுவலகத்தில். போட்டோ ஒட்டியிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, பணம் கட்டியாயிற்றா என்று மட்டும் பார்த்து ஃபைலில் வைத்துவிடுவார்கள். இரண்டாவது முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் ராத்திரியில் வரும். உங்களை முன்பின் அதிகம் தெரியாத ஒரு வார்டன், உங்களால் பேச முடியாத நிலையில், அந்த ஃபைலைப் புரட்டி யாரைக் கூப்பிடுவது, டாக்டரிடம் என்ன சொல்வது என்று தேடுவார். பல வருடங்களாக ஹாஸ்டல் அலுவலகத்தில் இந்த விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: பெரும்பாலான பிள்ளைகள் முதல் முறைக்காகத்தான் நிரப்புகிறார்கள். கார்டியன் பகுதியையும் மருத்துவப் பகுதியையும் இரண்டாவது முறைக்காக நிரப்ப வேண்டும். மற்ற கட்டங்களில் பிழை இருந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். இந்த இரண்டில் இருக்கும் பிழை தெரியவரும்போது திருத்த நேரம் இருக்காது.

படிப்படியாகப் போவோம். கூடவே ஒரு மாணவியின் விண்ணப்பத்தையும் வைத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கம் ஒரு ஊர். கோவை பீளமேட்டில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சேரும்போது வயது 17, நவம்பரில்தான் 18 முடிகிறது. அப்பா துபாயில் வேலை, அம்மா ஊரில். சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாது. இப்படிப்பட்ட வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பேனாவை எடுப்பதற்கு முன்

முதலில் விண்ணப்பத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதில் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். ஆன்லைன் விண்ணப்பமாக இருந்தால் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதியில் நின்றுவிட்டால் சில தளங்களில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு தொல்லை உண்டு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக இருக்கும், விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். கல்லூரிச் சேர்க்கையில் எந்தப் பெயர் பதிவானதோ அதையே எழுத்து மாறாமல் எழுதுங்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்று தளம் அடம்பிடித்தால் இனிஷியலின் விரிவை, அதாவது அப்பா அல்லது அம்மா பெயரை, அங்கே போடுங்கள். மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையோடு பெயரை ஒப்பிடும்போது இந்த வித்தியாசம் வீண் அலைச்சல் கொடுக்கும். அதனால் அட்டையில் பெயர் வேறு மாதிரி இருந்தால் அதையும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் நகல் கேட்பார்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஆதாரின் அதிகாரபூர்வத் தளத்தில் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் நகல் தரவிறக்கிக்கொள்ளலாம், பல இடங்களில் அதுவே போதும். எந்த நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே "ஹாஸ்டல் சேர்க்கைக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திடுங்கள். பி.ஜி. என்கிற பேயிங் கெஸ்ட் விடுதிக்காரர்கள் சிலர் அசல் மார்க் ஷீட்டையே அட்வான்ஸ் மாதிரி வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அப்படிக் கேட்டால் அந்த இடமே வேண்டாம் என்பது என் கருத்து.

காலியாக எந்தக் கட்டத்தையும் விடக்கூடாது. பொருந்தாத கேள்விக்கு "பொருந்தாது" என்று எழுதுங்கள். காலியாக இருந்தால், ஒன்றும் இல்லையா அல்லது எழுத மறந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது. "மருந்து ஒவ்வாமை" என்ற கட்டம் காலியாக இருப்பதும், அங்கே "இதுவரை எதுவும் இல்லை" என்று எழுதியிருப்பதும் டாக்டரைப் பொறுத்தவரை இரண்டு வேறு செய்திகள்.

படி 2: பெற்றோர் விவரம்

இது எளிதுதான் என்று நினைத்து வேகமாக எழுதுவார்கள். கவனிக்க வேண்டியது போன் நம்பர்களின் வரிசை. வழக்கமாக அப்பா நம்பரை முதலில் எழுதுவோம். நம் மாணவியின் அப்பா துபாயில் இருக்கிறார். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். வேலை நேரத்தில் போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டிய வேலை. அப்படியென்றால் முதல் நம்பர் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். அப்பாவின் நம்பருக்குப் பக்கத்தில் "துபாய், வாட்ஸ்அப் செய்தி மட்டும், மாலை 7 மணிக்கு மேல்" என்று எழுத வேண்டும். நாட்டுக் குறியீட்டெண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். ஹாஸ்டல் லேண்ட்லைனில் வெளிநாட்டு அழைப்பு போகாது என்பதை வீட்டில் யாரும் யோசிப்பதில்லை.

அம்மாவின் போன் ராத்திரியில் சைலண்டில் போய்விடும் என்றால் வீட்டிலேயே இன்னொருவர் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். ஹாஸ்டல் நம்பரையும் வார்டன் நம்பரையும் அம்மாவின் போனில் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அப்பாவோ அம்மாவோ இல்லையென்றால், பிரிந்து வாழ்கிறார்கள் என்றால், இல்லாதவர் பெயரை வழக்கத்துக்காக எழுதிக் கைபேசி எண் கட்டத்தில் வேறொருவர் நம்பரைப் போடாதீர்கள். யாரிடம் வளர்கிறீர்களோ அவரை முதல் தொடர்பாக எழுதுங்கள். ஒரு குறிப்பிட்ட உறவினருக்கு உங்களைப் பற்றிய தகவல் எதுவும் போகக்கூடாது, அவர் வந்தால் அனுப்பக்கூடாது என்ற நிலை இருந்தால், அதை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம், ஃபைல் பல கை மாறும். தனிக் கடிதமாக எழுதி, உங்களை வளர்ப்பவரின் கையெழுத்தோடு, வார்டனிடம் நேரில் கொடுங்கள். நல்ல வார்டன்கள் இதை மதித்து நடப்பார்கள்.

படி 3: லோக்கல் கார்டியன் யார்?

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. "அந்த ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று வீட்டில் பேச்சு வரும். யாரோ ஒருவர் பெயர் ஞாபகம் வரும். அவரிடம் கேட்காமலேயே எழுதிவிடுவார்கள்.

லோக்கல் கார்டியன் என்பவர் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 18 வயது முடியாத பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பு பெற்றோருக்குத்தான். லோக்கல் கார்டியனுக்கு இருப்பதெல்லாம் பெற்றோர் எழுத்தில் கொடுக்கும் அதிகாரம். எழுதிக் கொடுக்காததை அவர் செய்ய முடியாது. இது புரிந்தால் யாரைப் போடலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

நம் மாணவியின் வீட்டில் முதலில் நினைத்தது பெரியப்பா மகனை. கோவையில்தான் இருக்கிறான், நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். பாசமான அண்ணன், தங்கைக்கு ஒன்று என்றால் ஓடி வருவான். ஆனால் அடுத்த வருடம் கம்பெனி அவனை வேறு ஊருக்கு மாற்றலாம். ஜுரம் வந்து நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்றால் அவன் அறைக்கு அவளை அழைத்துப் போக முடியாது. பெண்கள் ஹாஸ்டல் பலவற்றில் இருபதுகளில் இருக்கும் ஆண் உறவினரைக் கார்டியனாக ஏற்கவும் மாட்டார்கள். இன்னொருவர், அம்மாவின் சித்தி மகள், அதாவது மாணவிக்குச் சித்தி முறை. சிங்காநல்லூரில் குடும்பத்தோடு இருக்கிறார். அதிகம் பேச்சுவார்த்தை இல்லாத உறவு, அதனால் தயங்கினார்கள். இருந்தாலும் சரியான ஆள் அவர்தான். சொந்தமாகக் குடியிருக்கிறார், இடம் மாற வாய்ப்பு குறைவு, ராத்திரியில் கிளம்பினாலும் அரை மணி நேரத்துக்குள் ஹாஸ்டலுக்கு வந்துவிடலாம், வீட்டில் ஒரு பிள்ளை வந்து படுக்க இடம் இருக்கிறது. நெருக்கத்தைவிட இந்த நான்கும்தான் இங்கே முக்கியம்.

சித்தியிடம் கேட்கும்போது, "உங்க பேரைப் போட்டுக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் "தாராளமா" என்றுதான் சொல்வார். என்னென்ன வரும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். ராத்திரி போன் வரலாம், மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கலாம், அங்கே முன்பணம் கட்ட வேண்டி வந்தால் அப்பா உடனே அனுப்பிவிடுவார், சேர்க்கை நாளன்று ஹாஸ்டலுக்கு வந்து மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சரி என்று சொன்னால் அது உண்மையான சம்மதம். தயங்கினால் வேறு ஆள் பாருங்கள். அவர் மேல் வருத்தப்படவும் கூடாது.

அந்த ஊரில் உண்மையிலேயே யாரும் இல்லை என்றால்? ஊரில் தெரிந்த கடைக்காரரின் தம்பி, பஸ்ஸில் பழக்கமானவர் என்று ஒரு பெயரை ஒப்புக்கு எழுதுவதைவிட, யாரும் இல்லை என்று வார்டனிடம் நேராகச் சொல்வது மேல். பல கல்லூரிகளில் துறை ஆசிரியர் ஒருவரையோ, பெற்றோரையே அவசரத் தொடர்பாகவோ வைத்து ஒரு கடிதத்தின் பேரில் ஏற்றுக்கொள்கிறார்கள். சக மாணவரை மட்டும் போடாதீர்கள். விடுமுறையில் அவரும் ஊருக்குப் போய்விடுவார்.

படி 4: கார்டியனுக்கான அதிகாரக் கடிதம்

விண்ணப்பத்தில் கார்டியனின் பெயர், உறவு, முகவரி, போன், போட்டோ, மாதிரிக் கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்பினால் மட்டும் போதாது. அவர் எதையெல்லாம் செய்யலாம் என்று பெற்றோர் ஒரு கடிதம் எழுதி இணைப்பது நல்லது. ஹாஸ்டல் கேட்கவில்லை என்றாலும் கொடுங்கள். இந்த மாதிரி எழுதலாம்:

> என் மகள் (பெயர், பிறந்த தேதி, படிப்பு) தங்கள் விடுதியில் தங்கும் காலத்தில், (பெயர், உறவு முறை, முகவரி, போன்) அவர்களை உள்ளூர்க் காப்பாளராக நியமிக்கிறேன். மகளை விடுதியிலிருந்து தம் வீட்டுக்கு அழைத்துச் செல்லவும், திரும்பக் கொண்டுவந்து விடவும், உடல்நலக் குறைவின்போது மருத்துவமனையில் சேர்க்கவும், எங்களைத் தொடர்புகொள்ள முடியாத நிலையில் அவசரச் சிகிச்சைக்கு எங்கள் சார்பில் கையெழுத்திடவும் அவருக்கு அனுமதி அளிக்கிறேன். அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்கு எங்களைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். விடுதியைக் காலி செய்வதற்கு எங்கள் நேரடிச் சம்மதம் வேண்டும்.

கடைசி இரண்டு வரிகளை வைத்துதான் இந்தக் கடிதம் எல்லோருக்கும் நல்லதாகிறது. சித்திக்கும் தான் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரியும். கீழே அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் அசல் கையெழுத்தோடு அது இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் பெற்றோர் பலருக்கு ஒரு பயம் உண்டு: கையெழுத்துப் போட ஆள் இல்லையென்றால் மருத்துவமனையில் தொடவே மாட்டார்களோ என்று. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு நடைமுறைகளைக் காரணம் காட்டாமல் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989 ஆம் ஆண்டே சொல்லியிருக்கிறது. அந்த முதல் சிகிச்சைக்கு இந்தக் கடிதம் தேவையில்லை. அதற்குப் பிறகு வருபவற்றுக்குத்தான் தேவை: வார்டில் சேர்ப்பது, அடுத்த சிகிச்சைக்கான சம்மதம், வேறு மருத்துவமனைக்கு மாற்றுவது, டிஸ்சார்ஜ். 18 முடிந்த பிறகு, நினைவோடு இருக்கும்வரை, சம்மதம் தர வேண்டியவர் அந்தப் பிள்ளையேதான். நவம்பரில் நம் மாணவிக்கு அந்த உரிமை வந்துவிடும். அப்போதும் கடிதம் வீணாகாது, அவள் பேச முடியாத நிலையில் யாரிடம் கேட்பது என்பதை அது சொல்லும்.

பார்வையாளர் பட்டியலும் அவுட்பாஸ் அனுமதியும் இதன் கூடவே வரும். பட்டியலில் பெயர் இல்லாதவரோடு அனுப்ப மாட்டார்கள். சித்தியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அழைத்துப் போகச் சித்தப்பா வந்து நின்றால் வாசலில் சங்கடம். இருவர் பெயரையும் போட்டோவோடு கொடுங்கள். பெரியப்பா மகனையும் இங்கே பார்வையாளராகச் சேர்க்கலாம். அவனுக்கான சரியான இடம் இதுதான்.

படி 5: மருத்துவப் பகுதி

எதைச் சொல்வது, எதை விடுவது என்பதற்கு நான் பிள்ளைகளிடம் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரியில் உன்னால் பேச முடியாமல் போனால், பக்கத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டுமா?" ஆமாம் என்றால் எழுதுங்கள். இல்லை என்றால் எழுத வேண்டிய அவசியமில்லை. ஐந்தாம் வகுப்பில் வந்த டைபாய்டும் கை முறிந்து கூடியதும் இந்தக் கேள்வியைத் தாண்டாது. வீசிங், வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை எல்லாம் தாண்டும்.

இடம் கிடைக்காமல் போய்விடுமோ, அறைத்தோழிகள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து வீட்டில் மறைக்கச் சொல்வார்கள். வலிப்பு விஷயத்தில் இதை அதிகம் பார்க்கிறேன். மறைப்பதால் நடப்பது இதுதான்: முதல் முறை வலிப்பு வரும்போது சுற்றி இருப்பவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், பல்லுக்கு நடுவில் கரண்டியை வைப்பார்கள். இரும்பால் ஒரு பயனும் இல்லை. வாயில் எதையாவது வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது கொடுத்து, நேரம் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108க்கு அழைக்க வேண்டும். இந்த மூன்று வரியை விண்ணப்பத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், வார்டனுக்குப் பயம் போய் என்ன செய்வது என்பது தெரியும்.

இப்போது நம் மாணவியின் பகுதி. அவள் பென்சிலால் முதலில் எழுதியது: "ஆஸ்துமா: ஆம். ஒவ்வாமை: ஆம், மாத்திரை." இதைப் படிக்கும் வார்டனுக்கு ஒன்றும் புரியாது. எந்த மாத்திரை? எவ்வளவு மோசம்? அம்மாவிடம் கேட்டு, பழைய மருத்துவச் சீட்டைத் தேடியெடுத்து, இப்படி மாற்றினாள்:

> ஆஸ்துமா: 6 வயதிலிருந்து. குளிர், தூசி, பெயிண்ட் வாசனையில் வரும். சால்பியூட்டமால் இன்ஹேலர் எப்போதும் கைப்பையின் முன் அறையில் இருக்கும், இன்னொன்று அலமாரியின் மேல் தட்டில். இன்ஹேலர் எடுத்தும் குறையாவிட்டால், ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு பற்றாவிட்டால், உதடு நீலம் பூத்தால் உடனே மருத்துவமனை.
>
> மருந்து ஒவ்வாமை: அமாக்ஸிசிலின். 10 வயதில் கொடுத்தபோது உடம்பெங்கும் தடிப்பு, முகம் வீங்கி மூச்சுத் திணறல். பென்சிலின் வகை மருந்து எதுவும் தர வேண்டாம்.

தொண்டை வலி, காய்ச்சல் என்று போனால் அமாக்ஸிசிலின் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் மருந்து. அதனால்தான் மருந்தின் பெயர் வேண்டும், கம்பெனிப் பெயர் போதாது, ஒரே மருந்து பத்து கம்பெனிப் பெயரில் கிடைக்கும். என்ன நடந்தது என்பதும் வேண்டும். ஒரு மாத்திரை போட்டால் வயிற்றைப் பிரட்டும் என்பதும் முகம் வீங்கி மூச்சு முட்டும் என்பதும் ஒன்றில்லை. முதலாவதை ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் தேவையான நல்ல மருந்தை டாக்டர் தவிர்க்க நேரிடும். உணவு ஒவ்வாமைக்கும் இதே மாதிரி எழுதுங்கள், அதை மெஸ் பொறுப்பாளரிடமும் தனியாகச் சொல்லுங்கள். மருத்துவப் பக்கம் மெஸ்ஸுக்குப் போவதில்லை.

பெயிண்ட் வாசனை என்று எழுதியதால் அவளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விடுமுறையில் வெள்ளையடித்த அறையை முதல் வாரமே ஒதுக்காதீர்கள் என்று கேட்க அது போதும்.

ரத்த வகை தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். அம்மாவுடையது என்னவோ அதுதான் எனக்கும் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அது தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒரு பரிசோதனைக் கூடத்தில் பார்த்துக்கொண்டு எழுதலாம், அல்லது "தெரியாது" என்று எழுதலாம். மருத்துவமனையில் ரத்தம் ஏற்றும் முன் அவர்களே பரிசோதித்துத்தான் ஏற்றுவார்கள். இந்தக் கட்டத்துக்குப் பிள்ளைகள் கொடுக்கும் கவனத்தில் பாதியை ஒவ்வாமைக் கட்டத்துக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இன்சுலின் போடும் பிள்ளையாக இருந்தால் கூடுதலாக இரண்டு. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால் எந்த ஃபிரிட்ஜில் வைப்பது, ராத்திரியில் அந்த அறை பூட்டியிருக்குமா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள்: நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் அல்லது குளுக்கோஸ், நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

மனநலத்துக்காக மருந்து சாப்பிடுகிறவர்கள் எதை எழுதுவது என்று கேட்பார்கள். மருந்தின் பெயரும் அளவும் "தினசரி மருந்துகள்" கட்டத்தில் இருந்தால் போதும், ஏனென்றால் வேறு மருந்து கொடுக்கும் டாக்டருக்கு அது தெரிய வேண்டும். எதனால் வந்தது, என்ன நடந்தது என்ற கதையெல்லாம் விண்ணப்பத்தில் தேவையில்லை. மருத்துவரின் பெயரும் போனும் சேர்த்துக் கொடுங்கள். எச்.ஐ.வி. நிலையைச் சொல்லும்படி ஹாஸ்டல் கட்டாயப்படுத்தக் கூடாது. தங்குமிடம் கொடுப்பதில் அதை வைத்துப் பாகுபாடு காட்டுவதையும் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தக் கட்டம் இருந்தால் கோடு போட்டுவிட்டுப் போகலாம்.

மருத்துவப் பக்கத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே "மருத்துவ விவரம், அவசரத் தேவைக்கு வார்டன் திறக்கலாம்" என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் மருந்து ஒவ்வாமையை மட்டும் உறைக்குள் அடைக்காதீர்கள். அது வெளியே, விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில் இருக்கட்டும்.

மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்டால் பதிவு பெற்ற டாக்டரிடம்தான் வாங்க வேண்டும். அவருடைய பதிவு எண், கையெழுத்து, முத்திரை, தேதி நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வீசிங் இருப்பதால் தகுதி இல்லை என்று ஆகிவிடாது. "மருந்தில் கட்டுப்பாட்டில் உள்ளது, விடுதியில் தங்கத் தகுதியானவர்" என்று எழுதித் தரும்படி வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். உங்களை முதல் முறை பார்ப்பவரைவிட அவரால்தான் இதை உறுதியாக எழுத முடியும்.

காப்பீட்டு அட்டை இருந்தால் நகல் இணைத்து, சேரப்போகும் ஊரில் எந்த மருத்துவமனையில் அது செல்லும் என்று காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் பார்த்து ஒரு பெயரை அதிலேயே எழுதிவிடுங்கள்.

படி 6: உறுதிமொழிகளும் கையெழுத்தும்

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி மாணவரும் பெற்றோரும் தர வேண்டியது. யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைப்படி கல்லூரிச் சேர்க்கைக்கு ஒன்று, ஹாஸ்டலுக்குக் கூடுதலாக ஒன்று. antiragging.in தளத்தில் நிரப்பலாம். அதில் வரும் 1800-180-5522 என்ற உதவி எண்ணைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மற்ற உறுதிமொழிகளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். "எந்த மருத்துவச் செலவுக்கும் பாதிப்புக்கும் விடுதி பொறுப்பல்ல" என்ற வரி பல படிவங்களில் இருக்கும். செலவு நம்முடையது என்பது நியாயம். ஆனால் நேரத்துக்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது யார், எந்த வண்டியில் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் தெளிவாக வராத இடத்தில், மற்ற வசதிகள் எல்லாம் இருந்தாலும், வீசிங் உள்ள பிள்ளையைச் சேர்க்க நான் சொல்ல மாட்டேன். காலிக் கட்டங்கள் உள்ள தாளில் கையெழுத்திட வேண்டாம். 18 முடியாதவர் கையெழுத்திட்டாலும் ஒப்பந்தமாகச் செல்லாது என்பதால் பெற்றோர் கையெழுத்து எல்லா இடத்திலும் வேண்டும்.

பி.ஜி. என்றால்

பெரும்பாலும் ஒரே பக்கப் படிவம்தான். பெயர், ஆதார், அட்வான்ஸ், அவ்வளவுதான். மருத்துவக் கட்டமே இருக்காது. அதனால் மேலே சொன்ன மருத்துவத் தாளையும் கார்டியன் கடிதத்தையும் நீங்களே எழுதி, ஒரு பிரதியைப் பொறுப்பாளரிடமும் ஒன்றை அறைத்தோழியிடமும் கொடுங்கள். பி.ஜி.யில் ராத்திரி பொறுப்பாளர் அங்கேயே தங்குகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் தங்குவதில்லை, அப்போது உங்கள் முதல் உதவி பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்தான். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகள் 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் பெற்றிருக்க வேண்டும், காட்டச் சொல்லிக் கேளுங்கள். வேறு மாநிலமாக இருந்தால் தாளை ஆங்கிலத்தில் எழுதுங்கள், அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று நம்ப முடியாது. அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு பிடித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பது ரசீதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படி 7: கொடுத்த பிறகு

நிரப்பிய விண்ணப்பத்தின் எல்லாப் பக்கத்தையும் கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்து, அம்மாவுக்கும் கார்டியனுக்கும் அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் பூட்டைத் திறக்காமலே பார்க்கும்படி அவசரத் தகவலைப் பதியுங்கள். ஐபோனில் Medical ID என்றும், ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் Emergency information என்றும் இருக்கும். அதில் ஒவ்வாமை, தினசரி மருந்து, முதலில் அழைக்க வேண்டிய நம்பர் ஆகிய மூன்றையும் போட்டால் போதும்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சோதனை செய்துவிடலாம். வார்டனிடம் சொல்லிவிட்டு, ஹாஸ்டல் போனிலிருந்து அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரு முறை அழைக்கச் சொல்லுங்கள். நம்பரில் ஒரு இலக்கம் மாறியிருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

அப்புறம் ஏதாவது மாறும்போதெல்லாம் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல் எழுதிக் கொடுங்கள்: சித்தி வீடு மாறினால், அப்பா துபாயிலிருந்து திரும்பிவிட்டால், டாக்டர் மருந்தை மாற்றினால், 18 வயது முடிந்தால். மேலே தேதி போட்டு, பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை ஃபைலில் வைக்கிறார்களா என்று நின்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் அவசரத்தில் கைக்கு எது முதலில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. படிப்பு முடிந்து காலி செய்யும் நாளில் அட்வான்ஸோடு சேர்த்து அந்த மருத்துவத் தாளையும் ஆதார் நகலையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.